அட்டைக்குள் ஒளிந்த பொறி

மோட்டார் பம்பு செய்யும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடைந்த இரும்புத் தாங்கியை வெல்டர் ஒட்டுகிறார். அருகே ஒரு தீயணைப்பான் இருக்கிறது, மணல் வாளியும் இருக்கிறது. பேக்கிங் அட்டைகளையும் தெர்மாகோலையும் பத்தடி தள்ளி வைத்து, மேலே தார்ப்பாய் போர்த்தியிருக்கிறார்கள்.

ஏற்பாடுகள் இருந்தும் தீப்பிடிக்கக் காரணம் தூரம்தான். பொறி என்பது உருகிய உலோகத் துளி. தரையில் பட்டுத் துள்ளி உருண்டு வெகுதூரம் போகும். அமெரிக்க விதிகள் எரியும் பொருள்களை 35 அடிக்கு, அதாவது சுமார் 11 மீட்டருக்கு அப்பால் நகர்த்தச் சொல்கின்றன. நகர்த்த முடியாதவற்றைத் தீத்தடுப்புத் துணியால் மூட வேண்டும். சாதாரணத் தார்ப்பாய் அதற்கு உதவாது, அதுவே எரியும்.

அட்டை உடனே கொழுந்துவிடாது. அடுக்குகளுக்கு நடுவே சுடர் இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும். காகிதம் கருகும் வாடைதான் முதல் அடையாளம். தெர்மாகோலைத் தொட்டதும் நெருப்பு வேகமெடுக்கும், எரியும் துளிகளாகச் சொட்டும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அடித்தால் சுடர் அடங்கிவிடும், உள்ளே கங்கு ஆறாது. சற்று நேரத்தில் மறுபடி பிடிக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அடுக்கைக் கலைத்துத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

என் பார்வையில், இங்கே விடுபட்ட முக்கியமான ஏற்பாடு ஓர் ஆள். வெல்டரின் கண் முகமூடிக்குள் இருக்கும்போது பொறி விழும் இடத்தைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். வேலை முடிந்த பிறகும் அவர் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே காவல் இருக்க வேண்டும்.