கல்லா மூடும் முன் ஒரு பக்கம்

இளநீர்க் கடைக்காரர் ஒவ்வொரு காய் விற்கும்போதும் எழுத முடியாது. ஒரு கையில் அரிவாள், மறு கையில் காய். அதனால் விற்பனையை மாலையில் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் கல்லாவிலிருந்து வெளியே போகும் பணத்தை அந்த நிமிடமே எழுதிவிட வேண்டும். மறந்துபோவது பெரும்பாலும் அதுதான்.

நாற்பது பக்க நோட்டு போதும். காலையில் தேதி போட்டு, கையிலுள்ள சில்லறை 300 ரூபாய், வண்டியில் 80 காய் என்று எழுதுகிறார். பகலில் லோடுக்காரருக்கு 1,000, வீட்டுக்கு 500, டீ, சாப்பாடு 120.

மாலையில் மிச்சம் 14 காய். விற்றது 66, காய் 50 ரூபாய் வீதம் 3,300. போனில் ஜிபேயில் வந்தது 900, ஆக ரொக்கமாக வந்திருக்க வேண்டியது 2,400. அதோடு காலை 300-ஐக் கூட்டி, வெளியே போன 1,620-ஐக் கழித்தால் கையில் 1,080 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 1,030.

குறைவது சரியாக ஒரு காயின் விலை. அழுகிய காயைத் தூக்கிப்போட்டாரா, யாருக்காவது கடன் சொன்னாரா? அன்றைக்கே யோசித்தால் நினைவு வரும், மறுநாள் வராது. வராவிட்டால் ‘குறைவு 50’ என்றே எழுதுங்கள். கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக டீச்செலவைக் கூட்டி எழுதாதீர்கள். நாளைய பக்கம் எண்ணிய 1,030-இல்தான் தொடங்க வேண்டும்.