தேடல் முடிவில் ஒரு தலைப்பும் இரு வரிகளும்

தேடுபொறி காட்டும் ஒவ்வொரு முடிவிலும் வாங்குபவர் கண்ணில் முதலில் படுவன இரண்டு: சொடுக்கத்தக்க தலைப்பு, அதன் கீழ் ஓரிரு வரிகளில் அமையும் குறுவிளக்கம். கடையின் பக்கம் எத்துணை அழகாக இருப்பினும் உள்ளே வருவதா வேண்டாவா என்னும் முடிவு இவ்விரண்டையும் பார்த்தே எடுக்கப்படுகிறது. இவை உருவாகும் முறையை ஒரு சிறு கடையின் ஒரே பக்கத்தைக் கொண்டு ஆராய்வோம்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை, கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தருவது அங்கு நெடுங்காலமாக உள்ள வழக்கம். அத்தகைய பாயை இணையத்தில் விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பக்கத் தலைப்பு “Home | Products | கடைப்பெயர்” என்று இருக்கிறது. பிற பக்கங்களிலும் அதே தலைப்புதான். குறுவிளக்கமோ “தரமான பொருள்கள், குறைந்த விலை, சிறந்த சேவை” என்கிறது. இதில் பொய்யில்லை, ஆனால் பாத்திரக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் அவ்வாறே பொருந்தும். பாய் தேடி வந்தவருக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

தலைப்பை எழுதத் தொடங்குமுன் தேடுபவரின் கேள்வியை அறிதல் வேண்டும். கூகுள் சர்ச் கன்சோல் என்னும் கட்டணமில்லாக் கருவி, எந்தெந்தச் சொற்களுக்குக் கடையின் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினர், சராசரியாக எத்தனையாம் இடத்தில் நின்றது என்பவற்றைத் தருகிறது. நம் பாய்க்கடைக்கு “பெயர் போட்ட கல்யாணப் பாய்” என்னும் தேடலில் காட்சிகள் மிகுதி, சொடுக்குகள் குறைவு என்று கொள்வோம். இந்நிலைதான் தலைப்பை மாற்றி எழுதினால் பயன் கிடைக்கும் நிலை. காட்சிகளே குறைவாக இருந்தால் குறை வேறிடத்தில் உள்ளது.

இப்படித் தேடுபவர் மணநாள் குறித்த வீட்டார். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. பெயரை நெய்து தருவார்களா? என்ன அளவில் கிடைக்கும்? மணநாளுக்கு முன் வந்து சேருமா? முதல் கேள்விக்குத் தலைப்பு விடை சொல்லட்டும். எஞ்சியவற்றைக் குறுவிளக்கம் ஏற்கட்டும். அவர் கல்யாணம் என்று தட்டச்சு செய்தால் தலைப்பிலும் கல்யாணம் என்றே இருத்தல் நன்று. தம் சொல்லையே முடிவில் காணும் கண் அங்கே நிற்கும்.

```html
<title>பெயர் நெய்த கல்யாணப் பாய், பத்தமடை | கடைப்பெயர்</title>
<meta name="description" content="மணமக்கள் பெயரைக் கோரையிலேயே நெய்து தருகிறோம். 6×3, 6×4 அடி. பெயர் தந்த 20 நாளில் வீடு வந்து சேரும்.">
```

பொருள் முன்னும் கடைப்பெயர் பின்னும் நிற்பதற்குக் காரணம் உண்டு. தலைப்புக்கு எழுத்து வரம்பு எதனையும் கூகுள் விதிக்கவில்லை. திரையின் அகலத்திற்கு மேற்பட்டதை வெட்டிவிடுகிறது. கணினித் திரையில் அவ்வகலம் ஏறத்தாழ 600 படப்புள்ளி என்பது இத்துறையினர் கண்டறிந்த அளவு. அதனை ஆங்கிலத்திற்கு 60 எழுத்து என்று சொல்வதுண்டு. அவ்வெண்ணைத் தமிழுக்குக் கொள்ளலாகாது. கணினிக் கணக்கில் “கோ” என்பது இரண்டு குறிகள். திரையிலோ அது மூன்று உருவங்களின் இடத்தைப் பிடிக்கிறது. “க்” என்பதும் இரண்டு குறிகளே. ஆயினும் ஓர் எழுத்தின் இடத்தில் அடங்குகிறது. ஆதலால் எண்ணிப் பார்ப்பதைவிடக் கைப்பேசியில் தேடிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. இன்றியமையாச் சொற்கள் தலைப்பின் முற்பாதியிலேயே அமைந்துவிட்டால் வெட்டு எங்கே விழுந்தாலும் பொருள் கெடாது.

நாம் எழுதியதைத் தேடுபொறி அப்படியே காட்டும் என்பதற்கு உறுதியில்லை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் கூகுள் தலைப்பு அமைக்கும் புதிய முறையை அறிவித்தது. பக்க உரிமையாளர் எழுதிய தலைப்பை 87 விழுக்காட்டு அளவில் பயன்படுத்துவதாக அடுத்த மாதம் தெரிவித்தது. எஞ்சிய இடங்களில் பக்கத்தின் முதன்மைத் தலைவரி, பிற பக்கங்கள் அதற்குத் தரும் இணைப்புச் சொற்கள் முதலியவற்றிலிருந்து வேறு தலைப்பை அதுவே அமைக்கும். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு, ஒரே சொல்லை அடுக்கி நிரப்பிய தலைப்பு, பக்கத்தில் இல்லாததைச் சொல்லும் தலைப்பு ஆகியவை இவ்வாறு மாற்றப்படுவன.

தமிழ்க் கடைகள் குறிப்பாக அறிய வேண்டிய காரணம் இன்னொன்று உண்டு. பக்கத்தின் உள்ளடக்கமும் தலைப்பும் ஒரே மொழியில், ஒரே எழுத்தில் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை 2022 ஜூனில் கூகுள் விளக்கியது. தமிழில் எழுதிய பக்கத்திற்கு ஆங்கிலத் தலைப்பு இட்டால் அது மாற்றப்படலாம். ஆங்கிலத்தில் தேடுவோரும் வேண்டுமெனில் அவர்களுக்கு ஆங்கிலப் பக்கம் ஒன்றைத் தனியே அமைப்பதே முறை.

குறுவிளக்கத்தின் நிலை இன்னும் நெகிழ்வானது. அது தரவரிசையை உயர்த்தாது. இதனைக் கூகுள் 2009லேயே தெளிவுபடுத்திவிட்டது. காட்டப்படும் வரிகளும் தேடலுக்கேற்ப மாறும். பாயைத் துவைக்கலாமா என்று ஒருவர் தேடினால், நம் குறுவிளக்கத்தை விடுத்து, பக்கத்தில் அதைப் பற்றிய வரியையே எடுத்துக் காட்டக்கூடும். எனவே குறுவிளக்கத்தை அந்தப் பக்கத்தின் தலையாய கேள்விக்கு எழுதிவிட்டு, பிற கேள்விகளுக்குத் தெளிந்த முழு வாக்கியங்களைப் பக்கத்தினுள்ளேயே எழுதி வைக்க வேண்டும். அடிக்கடி மாறும் விலையைக் குறுவிளக்கத்தில் இடுவதாயின் மாறுந்தோறும் திருத்துதல் கடமை. பழைய விலையை நம்பி வந்தவர் ஏமாந்து திரும்புவார்.

மாற்றத்தின் பயனை அளப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். சர்ச் கன்சோலில் அப்பக்கத்தை மீண்டும் வாசிக்குமாறு கேட்கலாம். புதிய தலைப்பு முடிவில் தோன்றச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகும். அது தோன்றிய நாளிலிருந்துதான் கணக்கு. முன் 28 நாள், பின் 28 நாள், அதே தேடற்சொல், ஏறத்தாழ அதே சராசரி இடம் என ஒப்பிட வேண்டும். ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்திற்கு ஏறியிருந்தால் கூடிய சொடுக்குகள் இடத்தால் வந்தவையாகலாம். ஆடியையும் தையையும் ஒப்பிட்டால் மணக்காலம் கணக்கைக் குழப்பும்.

முன்னும் பின்னும் 600 காட்சிகள் என்று கொள்வோம். முன்பு 12 பேர் சொடுக்கினர். பின்பு 18 பேர். விழுக்காடு 2 இலிருந்து 3 ஆயிற்று. மகிழ்வதற்கு முன் எளிய சோதனை ஒன்று செய்யலாம். காட்சிகள் சமமாக இருக்கும்போது, இரு சொடுக்கு எண்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டு இரட்டித்தால், வெறும் தற்செயலால் நேரக்கூடிய வேறுபாட்டின் எல்லை தோராயமாகக் கிடைக்கும். கூட்டுத்தொகை 30, வர்க்கமூலம் ஏறத்தாழ 5.5; இரட்டித்தால் 11. நாம் கண்ட வேறுபாடு 6 மட்டுமே. இது தற்செயலாகவும் இருக்கலாம், பொறுத்திருக்க வேண்டும். பின்பு 27 சொடுக்குகள் வந்திருந்தால் வேறுபாடு 15, எல்லையோ 12.5. அப்போது தலைப்பு வேலை செய்தது என்று நம்ப இடமுண்டு.

சிறு கடைக்குக் காட்சிகள் குறைவாகையால் எல்லாப் பக்கங்களையும் ஒரே நாளில் மாற்றி அளக்க முயல்வது பயன் தராது. காட்சிகள் மிகுந்தும் சொடுக்குகள் குறைந்தும் நிற்கும் ஒரு பக்கத்தை முதலில் எடுத்து, அதற்கு வரும் தலையாய தேடலுக்கு விடையாகத் தலைப்பை எழுதி, எண்கள் தெளியும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த பக்கத்திற்குச் செல்க. தலைப்பில் சொன்ன பெயர் நெய்தலும் குறுவிளக்கத்தில் சொன்ன 20 நாளும் பக்கத்தின் முதல் திரையிலேயே காணப்படட்டும். சொடுக்கி வந்தவர் தேடியதைக் கண்டு பாய்க்குச் சொல்லி வைத்தால்தான் அந்தச் சொடுக்கு கடைக்கு வருவாயாகும்.