சராசரி மறைத்த 11 டிகிரி

தடுப்பூசிகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலுள்ள சென்சார் 10 விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிந்தால், நாளொன்றுக்கு 8,640 பதிவுகள் சேரும். நூறு பெட்டிகளுக்கு ஆண்டில் 31 கோடியைத் தாண்டும்.

அத்தனையையும் அப்படியே வைத்திருக்கத் தேவையில்லை. மூலப் பதிவுகளை 30 நாள் வைத்துக்கொண்டு, பழையவற்றை மணிக்கு ஒரு வரியாகச் சுருக்கலாம். 360 பதிவுகள் ஒன்றாகிவிடும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் 5 டிகிரி, கதவு திறந்து கிடந்த 10 நிமிடம் 11 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6தான், எல்லை மீறியதே தெரியாது. ஆகவே சராசரியோடு குறைந்தபட்சம், அதிகபட்சம், பதிவுகளின் எண்ணிக்கை மூன்றையும் சேமிக்க வேண்டும். எண்ணிக்கை 360-க்குக் குறைந்திருந்தால், சில பதிவுகள் வந்து சேரவில்லை என்று பொருள்.

‘இந்தப் பெட்டியில் கடந்த ஒரு மணி நேரம் எப்படி?’ என்பதே அடிக்கடி எழும் கேள்வி. இன்டெக்ஸ் நேரத்தை மட்டும் வைத்து அமைந்தால், எல்லாப் பெட்டிகளின் 36,000 பதிவுகளையும் அலச நேரும். சென்சார் எண் முதலில், நேரம் அடுத்து என்று அமைத்தால் 360 போதும்.

தரவை நாள்வாரியாகப் பிரித்து வைத்தால், காலம் முடிந்த நாளை மொத்தமாக நீக்கிவிடலாம். ஆனால் இணையம் துண்டித்த இடங்களிலிருந்து பதிவுகள் தாமதமாக வருவதுண்டு. அவையும் சேர்ந்து சுருக்கம் முடிந்ததைச் சரிபார்த்த பிறகே மூலத்தை அழியுங்கள்.