இஞ்சி வேரா, தண்டா?
வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதும் சீட்டு சொல்லும் சேதி

தாவரத்தின் பாகங்கள் பாடம் முடிந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம். ஆறாம் வகுப்பு ஆசிரியை மேசைமேல் ஒரு துண்டு இஞ்சியை வைக்கிறார். பிள்ளைகளுக்கு உள்ளங்கை அளவில் ஆளுக்கொரு காகிதத் துண்டு. கரும்பலகையில் இரண்டே வரி: "இது செடியின் எந்தப் பாகம்? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" பிள்ளைகள் எழுதி, வாசலில் இருக்கும் டப்பாவில் போட்டுவிட்டு வெளியே ஓடுகிறார்கள்.

இதைத்தான் ஆசிரியர்கள் 'எக்ஸிட் டிக்கெட்' என்கிறார்கள். வகுப்பைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போகிற சீட்டு. இதற்கு மதிப்பெண் கிடையாது. அன்றைய பாடம் பிள்ளையின் மனத்தில் எந்த உருவத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று ஆசிரியர் பார்த்துக்கொள்வதற்கான வழி, அவ்வளவுதான்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். "வேரின் பணிகள் யாவை?" என்று கேட்டால், புத்தகத்தில் இருக்கும் வரி அப்படியே திரும்பி வரும். இரண்டிலுமே தவறான எண்ணம் வெளியே தெரியாது. அதை வெளியே கொண்டுவர வேண்டுமானால், தவறாக எண்ணும் பிள்ளை தவறான பதிலைத்தான் தர முடியும் என்கிற மாதிரி கேள்வி அமைய வேண்டும்.

இஞ்சிக் கேள்வி அப்படிப்பட்டது. மண்ணுக்கு மேலே இருப்பது தண்டு, கீழே இருப்பது வேர் என்பது பிள்ளைகள் தாமாகவே கட்டிக்கொள்ளும் விதி. பெரும்பாலான செடிகளுக்கு அது பொருந்தியும் போகிறது. அதனால் அந்த விதியை வைத்துக்கொண்டே ஒரு பிள்ளை பாடத்தில் உள்ள படத்துக்கெல்லாம் சரியாகப் பெயர் எழுதிவிடலாம். இஞ்சியிடம் வந்தால்தான் அது உடைகிறது. இஞ்சி மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு.

நம் மொழியும் இந்தக் குழப்பத்துக்கு உரம் போடுகிறது. உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு எல்லாவற்றையும் 'கிழங்கு' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். சமையலுக்கு அது போதும். ஆனால் முதல் இரண்டும் தண்டு, பின்னிரண்டும் வேர். இன்னும் கடினம் வேர்க்கடலை. பெயரிலேயே வேர் இருக்கிறது, பிடுங்கினால் வேரோடுதான் வருகிறது. ஆனால் அது காய். மண்ணுக்கு மேலே மஞ்சள் பூ பூத்து, கருவுற்ற பிறகு அதன் சூலகத்தின் அடியிலிருந்து ஒரு விழுது கீழ்நோக்கி இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, அங்கே காயாகிறது. கடலை போடும் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு விழுது இறங்குவது தெரியும். நகரத்துப் பிள்ளைக்கு அந்தப் பெயர் மட்டுமே தெரியும். தமிழில் பாடம் நடத்தும் ஆசிரியர் இந்தப் பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேள்வி தேட வேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கவனம் தேவை. பாடத்தில் 'உருளைக்கிழங்கு ஒரு தண்டு' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, சீட்டிலும் உருளைக்கிழங்கையே கேட்டால் நினைவாற்றல்தான் தெரியும். வகுப்பில் பேசாத ஒன்றை வைக்க வேண்டும். உருளைக்கிழங்கை நடத்தியிருந்தால் இஞ்சியைக் கேட்கலாம், இஞ்சியை நடத்தியிருந்தால் சேப்பங்கிழங்கை.

சரி, சீட்டுகள் டப்பாவில் விழுந்துவிட்டன. முப்பது பேர் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை திருத்த உட்காரவில்லை, பிரிக்க உட்காருகிறார். சிவப்புப் பேனா தேவையில்லை. பதிலைவிடக் காரணத்தைப் பார்த்துத்தான் குவியல் போட வேண்டும். "தண்டு. கரும்பு மாதிரி கணு இருக்கு" என்பதுபோல் எழுதியவை 4. "தண்டு" என்று மட்டும் எழுதியவை, "புத்தகத்தில் இருக்கு" என்று எழுதியவை 7. "வேர். மண்ணுக்குள்ளே இருக்கு" என்பவை 16. "காய்" என்று எழுதியதும் வெறும் சீட்டுமாக மீதி 3.

வழக்கம்போல் மதிப்பெண் போட்டிருந்தால் 11 பேருக்குச் சரி என்று வந்திருக்கும். காரணத்தோடு பார்த்தால் தெரிந்து எழுதியவர்கள் 4 பேர்தான். அந்த 7 சீட்டுகள்தான் ஏமாற்றுபவை. ஊகித்து எழுதிய பிள்ளையும் மனப்பாடம் செய்த பிள்ளையும் அதற்குள் இருக்கிறார்கள். "எதைப் பார்த்துச் சொல்கிறாய்?" என்ற இரண்டாவது வரி இல்லாவிட்டால் இவர்களைப் பிரித்தறியவே முடியாது. முப்பது சீட்டை இப்படிப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் ஆகிறதென்றால் கேள்வி நீளம் என்று பொருள்.

மறுநாள் என்ன செய்வது என்பதைக் குவியலின் உயரம் சொல்லிவிடும். 'மண்ணுக்குள் இருந்தால் வேர்' என்ற குவியலில் மூன்று பேர்தான் என்றால், மற்றவர்கள் வேறு வேலை செய்யும்போது அந்த மூவரோடு உட்கார்ந்து பேசினால் போதும். 16 பேர் என்பதால் வகுப்பு முழுவதற்குமே பாடத்தின் முதல் பத்து நிமிடத்தை ஒதுக்க வேண்டும்.

ஆசிரியை மறுநாள் ஒரு துண்டு கரும்பு, இஞ்சி, கேரட் மூன்றையும் கொண்டுவருகிறார். "இஞ்சி தண்டு, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டால் பழைய விதி உள்ளே அப்படியே இருக்கும், மேலே ஒரு விதிவிலக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர் கேட்பது வேறு: "கரும்பில் கணு எங்கே? அதே மாதிரி இந்த இரண்டில் எதில் இருக்கிறது?" இஞ்சியைச் சுற்றி வளையம் வளையமாகக் கணுக்கள் தெரியும். இளம் இஞ்சியானால் அந்த வளையங்களில் காய்ந்த சவ்வுபோல் செதில் இலைகளும் இருக்கும், பக்கத்தில் மொட்டும் இருக்கும். இஞ்சியின் அடியில் தொங்கும் மெல்லிய நூல்கள்தான் வேர்கள். கேரட்டின் தோலிலும் குறுக்கே சிறு கோடுகள் உண்டு, கூர்மையான பிள்ளை அதைக் காட்டும். ஆனால் அவை சுற்றி வரும் வளையங்கள் அல்ல, மெல்லிய பக்கவேர்கள் கிளம்பிய இடங்கள். மண்ணுக்கு மேலா கீழா என்பது போய், கணுவும் மொட்டும் இலையும் இருக்கிறதா என்பது இப்போது அடையாளமாகிறது.

இங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. உருளைக்கிழங்கு முளைவிடுவதைக் காட்டி, "முளை வருகிறது, அதனால் தண்டு" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் முளைவிடும். அது வேர். ஒரு தவறான விதியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துவிடக் கூடாது. வேறுபாடு ஒழுங்கில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கின் ஒவ்வொரு கண்ணுக்கும் புருவம்போல் ஒரு வளைந்த தழும்பு இருக்கும். அது செதில் இலை இருந்த இடம், கண் என்பது அந்தக் கணுவின் மொட்டு. ஒவ்வொரு கண்ணிலும் குண்டூசி குத்தி, காம்புப் பக்கத்திலிருந்து மறுமுனைவரை நூலால் இணைத்துப் போனால், கிளையில் இலைகள் சுற்றி ஏறுவதுபோல் நூலும் சுற்றி ஏறும். சர்க்கரைவள்ளியில் முளைகளுக்கு அந்த ஒழுங்கும் இல்லை, இலைத்தழும்பும் இல்லை.

பாகங்களின் பெயரைவிட ஆழமான தவறு அவற்றின் வேலையில் இருக்கிறது. வேர் மண்ணிலிருந்து உணவை உறிஞ்சுகிறது என்பது அது. உரம் செடிக்குச் சாப்பாடு என்று வீட்டில் பேசுகிறோம். அதைக் கேட்டு வளரும் பிள்ளை, வேர் நீரையும் தாது உப்புகளையும் எடுக்கிறது என்று தேர்வில் சரியாக எழுதிவிட்டு, மனத்துக்குள் அதையே உணவு என்று வைத்துக்கொள்கிறது. வயதானாலும் இது போவதில்லை. 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற ஆவணப்படத்தில், புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கிய அன்றே இளைஞர்களிடம் ஒரு விதையையும் மரக்கட்டையையும் காட்டி, இவ்வளவு பொருளும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை விட்டுவிட்டு, மண்ணையும் நீரையும் சொன்னவர்களைப் படத்தில் பார்க்கலாம்.

இதைப் பிடிக்கும் சீட்டு இப்படி இருக்கலாம்: "ஒரு செடியில் துளிர்க்கும் இலைகளையெல்லாம் விடாமல் கிள்ளிக்கொண்டே இருக்கிறோம். தண்ணீரும் உரமும் தவறாமல் கொடுக்கிறோம். பல மாதம் கழித்து என்ன ஆகும்? (அ) வேர் உணவை எடுப்பதால் வழக்கம்போல் வளரும். (ஆ) இலைதான் மூச்சுவிடும் என்பதால் மூச்சு முட்டிச் சாகும். (இ) சேமித்து வைத்த உணவு தீர்ந்ததும் சாகும்." அ என்று எழுதும் பிள்ளைக்கு மண் சோற்றுப்பானை. ஆ என்று எழுதும் பிள்ளைக்கு இலை மூக்கு. வேரும் தண்டும்கூடச் சுவாசிக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு எண்ணம் இருக்க வேண்டும். யாருமே நம்பாத விடையை இடம் நிரப்ப வைத்தால் சீட்டு பேசாது.

'விடாமல்' என்ற சொல் தற்செயலாக வந்ததல்ல. ஒருமுறை மட்டும் இலையைக் கிள்ளுவதாகக் கேட்டால், ஆடு தின்ற முருங்கை மறுபடி துளிர்ப்பதைப் பார்த்த பிள்ளை "வளரும்" என்று எழுதும். அது தவறான எண்ணம் அல்ல, நல்ல கவனிப்பு. "தண்டு பச்சையா இருந்தா சாகாது டீச்சர்" என்று ஓரத்தில் எழுதும் பிள்ளையும் இருக்கலாம். கள்ளிச்செடியில் நடப்பது அதுதான், அங்கே இலையின் வேலையைப் பச்சைத் தண்டு செய்கிறது. அந்தச் சீட்டைத் தனியாக எடுத்துவைத்து, மறுநாள் வகுப்பில் படித்துக்காட்ட வேண்டும்.

இந்தச் சீட்டுக்குப் பதில், தொட்டியில் ஐந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரம். பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட், உலர்த்தி நிறுத்த சுமார் 90 கிலோ மண்ணில் இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றினார். ஐந்து ஆண்டில் மரம் சுமார் 77 கிலோ ஆனது. மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. இந்தச் சோதனை அவர் இறந்த பிறகு 1648இல் நூலாக வெளிவந்தது. எல்லாம் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தது தவறு, காற்றின் பங்கு அப்போது தெரியாது. ஆனால் 'மண்தான் சோறு' என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டு எடைகளைவிட நேரான பதில் இல்லை. எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, "மண் குறையவில்லையே, மரம் எதைத் தின்றது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும்.

ஒரு நாளைக்கு ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம். எழுதத் திணறும் பிள்ளை படம் வரைந்து அம்புக்குறி போடட்டும், எழுத்துப்பிழையைத் திருத்தக் கூடாது. மதிப்பெண் என்ற சொல் காதில் விழுந்தால் பிள்ளைகள் பக்கத்துச் சீட்டைப் பார்ப்பார்கள். பிறகு வரும் முப்பதும் ஒரே பிள்ளையின் எண்ணமாகத்தான் இருக்கும்.

ஒரு வாரம் கழித்து ஆசிரியை இஞ்சிக்குப் பதில் சேப்பங்கிழங்கை மேசைமேல் வைத்து அதே இரண்டு வரியைக் கேட்கிறார். "தண்டு, முளை வருது" என்று வந்தால் வேலை இன்னும் பாக்கி. "தண்டு, வலயம் சுத்தி இருக்கு, அதுல மொட்டு இருக்கு" என்று பிழையோடு வந்தால், அந்தப் பிள்ளையை அடுத்த பாடத்துக்கு அழைத்துப் போகலாம்.