மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஒரு மூலை

திருவொற்றியூர்ப் பக்கம் மண்டபம் பிடித்தாயிற்று. ரிசப்ஷனுக்கு நாற்பது பிள்ளைகளாவது வருவார்கள். முன்வாசலுக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி, பின்கட்டில் கொதிக்கும் சாம்பார் அண்டா. ஆறரையிலிருந்து பத்து மணி வரை இரண்டுக்கும் நடுவே அவர்களை எப்படி வைத்திருப்பது? டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

பொம்மையை அப்புறம் பார்க்கலாம், முதலில் இடம். இரண்டு பக்கம் சுவர் இருக்கும் மூலையாக, சமையற்கட்டுக்கும் மாடிப்படிக்கும் ஜெனரேட்டருக்கும் தள்ளி எடுங்கள். மீதி இரண்டு பக்கமும் பெஞ்சைப் போட்டு அடைத்து, ஒரே ஒரு வழி விடுங்கள். அந்த வழியில் பெரியவர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். யார் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்களோ, அவர்கள் கையில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாமாவே வந்து கேட்டாலும் அப்படித்தான்.

பெரிய பிள்ளைகளுக்கு நம்ம ஏரியாவில் கேரம் போதும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண்தானே. இரண்டு போர்டு போட்டால் எட்டுப் பேர் ஆடுவார்கள், தோற்றவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே கிடப்பார்கள்.

சிக்கலும் அங்கேதான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் எது அடைக்கும் என்று பார்க்க, 3.17 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு குழாய் ஒன்றை வைத்துச் சோதிப்பார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் பொருள் ஆபத்து. கேரம் காயின் அகலம் ஏறக்குறைய அதே அளவு, மூன்று சென்டிமீட்டரும் கொஞ்சமும். சில காய்கள் உள்ளே போய்விடும். போர்டில் தூவும் போரிக் பவுடரையும் நக்கினால் வாந்தி வரும். ஸ்டாண்டு மேல் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது 70 சென்டிமீட்டர்தான், இரண்டு வயதுப் பிள்ளை அதைவிட உயரம்.

அதனால் மூலையை இரண்டாகப் பிரியுங்கள். உள்பக்கம் பாய் விரித்து, பெரிய மரக்கட்டை, துணிப்பந்து, தடித்த கிரேயான் என்று சின்னதுகளுக்கு வையுங்கள். அங்கே ஊதாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் இருக்கவே கூடாது. நடுவில் ஒரு பெஞ்ச், அதற்கு வெளியே கேரம். பவுடர் டப்பா பெரியவர் பையில் இருக்கட்டும்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் காயை எண்ணச் சொல்லுங்கள். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, ஆக 19. ஒன்று குறைந்தால் அடுத்த ஆட்டம் கிடையாது. முதலில் பாயைத் தேடுங்கள், அப்புறம் சின்னதுகளின் வாயைப் பாருங்கள். இருமுகிற குழந்தையை இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்ட வேண்டும். அதே நேரம் இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். இது தெரிந்த ஒருவரையே நாற்காலியில் உட்கார வையுங்கள்.