புண் வரும் முன்பே வலி வரும்

ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். உடல் பருமன், சர்க்கரை நோய் இரண்டும் உண்டு. டயாலிசிஸ் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ஒருநாள் தொடையில் தீப்பட்டதுபோல் வலி. புடவை உரசினாலே தாங்க முடியவில்லை. தோலில் வலை விரித்தாற்போல ஊதா நிறக் கோடுகள், அடியில் கல்போல் கட்டி. தோல் கிருமித்தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலனில்லை. சில வாரங்களில் அங்கே கறுப்புப் பொருக்கோடு புண் திறந்துகொள்கிறது.

இதுதான் கால்சிஃபிலாக்சிஸ். அரிதான நோய்தான், ஆனால் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் புண் வழியே ரத்தத்தில் கலக்கும் கிருமிதான் உயிரைப் பறிக்கிறது. தொடை, வயிறு, மார்பகம் எனக் கொழுப்பு மிகுந்த இடங்களில் அதிகம் வரும்.

தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களின் சுவரில் கால்சியம் படிந்து, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. ரத்தம் போகாத தோல் செத்துப்போகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர் உடலில் தேங்கும் பாஸ்பரஸ், குழாய்ச் சுவரின் தசைச் செல்களையே எலும்புச் செல்கள்போல் மாற்றிவிடுகிறது. இதைத் தடுக்க நம் உடலில் ஒரு புரதம் உண்டு. அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினைத்தான் முடக்குகிறது.

பாஸ்பரஸ் ஏன் தேங்குகிறது? சாதாரணச் சாப்பாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் இருக்கும். அதில் 600 அளவுக்கு உடலில் சேரும். வாரத்துக்கு 4200. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று சுமார் 800 மில்லிகிராமை வெளியேற்றும். வாரம் மூன்று முறை செய்தால் 2400, இரண்டு முறை என்றால் 1600தான். மீதியை உணவுக் கட்டுப்பாடும் மாத்திரையும் தான் சமாளிக்க வேண்டும்.

அதனால் டயாலிசிஸைத் தவறவிடக் கூடாது, பாதியில் எழுந்து வரவும் கூடாது. பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை. கோலா பானம், பதப்படுத்திய சீஸ், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு முழுவதுமே கிட்டத்தட்ட ரத்தத்தில் சேர்ந்துவிடும். பருப்பில் உள்ளது பாதிகூடச் சேராது. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைத் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தாமல், மாற்று மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

நோய் வந்துவிட்டால் இந்த மருந்துகளை டாக்டர் மாற்றுவார், டயாலிசிஸைக் கூட்டுவார், வலிக்கும் புண்ணுக்கும் தனிக் கவனிப்பு தருவார். டயாலிசிஸின் கடைசி மணி நேரத்தில் சோடியம் தயோசல்பேட் ஏற்றுவதும் உண்டு. எல்லோருக்கும் அது கைகொடுப்பதில்லை. ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் சரியாக இருப்பவருக்கும் இந்நோய் வரலாம். ஆகவே ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிடாமல், காரணம் தெரியாத தோல் வலியும் கட்டியும் வந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றே சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள்.