பெயரில் ஓடும் வேலைகள்

இஆர்பி நிர்வாகி ஒருவர் பணியிலிருந்து விலகும்போது எழுதிக்கொடுக்கும் ஒப்படைப்புக் குறிப்பில், எந்த வேலை எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதைவிட, அது யார் பெயரில் ஓடுகிறது என்பதே முக்கியம். சாப் மென்பொருளில் பின்னணி வேலையின் ஒவ்வொரு படிநிலையும் ஒரு பயனர் கணக்கின் அதிகாரத்தில்தான் இயங்கும். இரவு 2 மணிக்கு வங்கிக்கான பணப்பட்டுவாடாக் கோப்பைத் தயாரிக்கும் வேலை, விலகுபவரின் சொந்தக் கணக்கில் அமைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அவர் போன மறுநாள் அந்தக் கணக்கு பூட்டப்படும். அன்றிரவே வேலை நின்றுவிடும். SM37 திரையில் ரத்து என்று காட்டும். ஆனால் வங்கிக்குப் பணம் போகவில்லை என்று யாராவது கேட்கும்வரை அந்தத் திரையை எவரும் திறப்பதில்லை. அதனால், கணக்கைப் பூட்டுமுன் அவர் பெயரிலுள்ள படிநிலைகளைத் தேடி, தனிமனிதர் எவருக்கும் சொந்தமில்லாத சிஸ்டம் வகைக் கணக்குக்கு மாற்ற வேண்டும். வேலையைப் போட்டவரும் படிநிலையின் பயனரும் வேறாக இருக்கலாம் என்பதால் இரண்டையும் பார்ப்பது அவசியம்.

இடைமுகங்களில் சிக்கல் வேறு. SM59 இணைப்புகளில் கடவுச்சொல்லும் சேமிக்கப்பட்டிருக்கும். அதை மாற்றினாலே தொடர்பு அறுந்துவிடும்.

நிலுவைகளுக்குக் காரணமும் எழுதப்பட வேண்டும். கணக்குக் காலம் மூடியிருந்ததால் 51 நிலையில் தேங்கிய ஐடாக்குகளை, காலத்தைத் திறந்தபின் BD87 வழியே மறுபடி செலுத்தலாம். காரணம் தெரியாத புதியவர் அனுப்பிய தரப்பிடமே மீண்டும் கேட்டு வாங்கி, பழையதையும் செலுத்திவிட்டால், ஒரே விற்பனை இருமுறை பதிவாகக்கூடும்.